சலப்பைத் தொற்றும் நைட்ரோபியூரண்டோயினும்: சிறுநீரகம் தளரும்போது நேர்வது

நைட்ரோபியூரண்டோயின் 1953இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்த ஒரு நுண்ணுயிர்க்கொல்லி. சலப்பையில் மட்டும் நிற்கும் தொற்றுக்கே அது பயன்படும். சலம் போகும்போது எரிவு, அடிக்கடி சலம் முட்டுதல், போன பிறகும் தீராத உணர்வு, அடிவயிற்று நோ என்று வரும் சலக்கடுப்புக்கு உலகெங்கும் முதலில் நினைவுக்கு வரும் மருந்துகளில் இதுவும் ஒன்று. வழமையான சிகிச்சை, 50 மில்லிகிராம் குளிசை நாளுக்கு நான்கு தடவை, அல்லது மெதுவாகக் கரையும் 100 மில்லிகிராம் வகை நாளுக்கு இரண்டு தடவை. பெண்களின் எளிய தொற்றுக்கு ஐந்து நாள் அளவில் சிகிச்சை முடிந்துவிடும். சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறைவு. குடலில் உறிஞ்சப்படும் அளவும் கூடும். சலம் பழுப்பு நிறமாகப் போவது மருந்தின் நிறமே தவிர நோயல்ல.

இந்த மருந்தின் தனித்தன்மை அது சேரும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லிகள் இரத்தத்தில் போதிய செறிவை எட்டி, இரத்தத்தின் வழியே தொற்றுள்ள உறுப்பை அடைகின்றன. நைட்ரோபியூரண்டோயின் அப்படியல்ல. விழுங்கிய பிறகு இரத்தத்தில் அதன் செறிவு வழக்கமாக ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமைக்கூட எட்டுவதில்லை. இரத்தத்தில் இருப்பதில் பாதி, இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அகன்றுவிடும். அதே வேளையில் சலத்தில் அதன் செறிவு ஒரு மில்லிலீற்றருக்கு 50 முதல் 250 மைக்ரோகிராம் வரை உயர்கிறது. அந்த அளவுக்குச் செறிவாக்கித் தருவது சிறுநீரகம். வடிகட்டியும் நுண்குழாய்களின் வழியே சுரந்தும் அது மருந்தைச் சலத்துக்குள் சேர்க்கிறது. குளிசை கொடுப்பவர் வைத்தியர். மருந்தை உரிய இடத்தில் உரிய வலுவோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது நோயாளியின் சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்த மருந்து ஏன் உதவாது என்பதும், எந்த எல்லை வரை உதவும் என்பதும் இந்த ஒரு செய்தியிலிருந்தே விளங்கும்.

சலத்தை அடைந்த பிறகு மருந்து செய்யும் வேலையும் வழக்கத்துக்கு மாறானது. விழுங்கும் நிலையில் அது பற்றீரியாவுக்குப் பெரிய தீங்கு செய்யாது. ஈ.கோலை போன்ற பற்றீரியாக்களிடம் உள்ள சில நொதியங்கள் அந்த மூலக்கூறின் நைட்ரோ பகுதியோடு எலக்ட்ரான்களைச் சேர்த்து, அதை மிகத் தீவிரமாக வினைபுரியும் துண்டுகளாக மாற்றிவிடுகின்றன. அத்துண்டுகள் பற்றீரியாவின் றைபோசோம் புரதங்களையும் மரபணுப் பொருளையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. பற்றீரியா தன் கையாலேயே மருந்தை நஞ்சாக்கிக்கொள்கிறது. தாக்குதல் பல இடங்களில் நடப்பதால் ஓரிடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு தப்ப அதற்கு வழியில்லை. அந்த நொதியங்களை இழந்தால் தப்பலாம். அது அடிக்கடி நடப்பதில்லை. எழுபது ஆண்டு கடந்தும் ஈ.கோலை பெரும்பாலும் இந்த மருந்துக்குப் பணிவதன் காரணம் இதுதான். சிப்ரோபுளொக்சசின் போன்றவை பல நாடுகளில் பயனிழந்துகொண்டிருக்கும்போது பழைய மருந்தான இது மீண்டும் முன்வரிசைக்கு வந்ததும் அதனால்தான்.

ஆனால் எல்லாப் பற்றீரியாவும் ஈ.கோலை அல்ல. புரோட்டியஸ், சூடோமோனாஸ், செராசியா ஆகியன இயல்பிலேயே இதற்குப் பணியாதவை. புரோட்டியஸ் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குவதால் சலம் காரத்தன்மை அடைகிறது. நைட்ரோபியூரண்டோயினோ சற்று அமிலத்தன்மையுள்ள சலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். யாழ்ப்பாணத்துப் பாமசிகளில் சல எரிவுக்கு வாங்கிக் குடிக்கும் சிட்ரேற்று மருந்துநீர் வகைகளின் நோக்கமே சலத்தைக் காரமாக்கி எரிவைத் தணிப்பது. அந்த மருந்துநீரையும் இந்தக் குளிசையையும் சேர்த்து எடுத்தால் எரிவு தணியலாம். குளிசையின் வலுவும் குறையும். வயிற்றெரிவுக்கு எடுக்கும் மக்னீசியம் ட்ரைசிலிக்கேற்று கலந்த மருந்து, குளிசை உறிஞ்சப்படுவதையே குறைத்துவிடும்.

சிறுநீரகம் தளரும்போது என்ன நடக்கிறது? மருந்து சலத்துக்குப் போகாமல் முழுவதும் இரத்தத்திலேயே தேங்கும் என்றுதான் பொதுவாக எண்ணப்படுகிறது. இந்த மருந்தில் அது பாதி உண்மை. உடலை விட்டு நீங்க இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே தொட்டியிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிவதைப் போல, ஒரு பங்கு சிறுநீரகம் வழியே மாறாமல் வெளியேறுகிறது. மறு பங்கு உடலின் திசுக்களிலேயே சிதைந்துபோகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவரில், விழுங்கியதில் 30 முதல் 40 விழுக்காடு சலத்தில் வருகிறது. சிறுநீரக வாய்க்கால் அடைபடத் தொடங்கினால் மருந்து அங்கே காத்துக் கிடப்பதில்லை. மற்ற வாய்க்கால் திறந்தபடியே இருப்பதால் பெரும்பகுதி அந்த வழியே போய் அழிந்துவிடுகிறது. மெதுவாகவேனும் பின்னர் சலத்துக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

இதை ஒரு எளிய கணக்கால் பார்க்கலாம். உறிஞ்சப்பட்ட மருந்து 100 மில்லிகிராம் என்றும், நல்ல சிறுநீரகம் அதில் 36 மில்லிகிராமைச் சலத்துக்கு அனுப்புகிறது என்றும், அந்த ஆறு மணித்தியாலத்தில் 400 மில்லிலீற்றர் சலம் சேர்கிறது என்றும் கொள்வோம். செறிவு ஒரு மில்லிலீற்றருக்கு 90 மைக்ரோகிராம். ஈ.கோலை பணியும் எல்லையாக அமெரிக்க ஆய்வுகூட அளவுகோல் கொள்வது 32 மைக்ரோகிராம். ஆகவே செறிவு எல்லையின் ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்கிறது. இப்போது சிறுநீரகத்தின் திறன் கால் பங்காகக் குறைகிறது, திசுக்களின் வேலை மாறவில்லை. சிறுநீரகத்தின் பங்கு 36இலிருந்து 9 ஆகிறது, திசுக்களின் பங்கு 64ஆகவே நிற்கிறது. மொத்தம் 73இல் 9 என்றால் ஏறத்தாழ 12 விழுக்காடு. 12 மில்லிகிராம், அதே 400 மில்லிலீற்றரில், 30 மைக்ரோகிராம். எல்லைக்குக் கீழே போய்விட்டது. நாட்பட்ட சிறுநீரக நோயில் சலத்தைச் செறிவாக்கும் திறனும் கெடுவதால் அளவு கூடி 600 மில்லிலீற்றர் போகுமானால், செறிவு 20 ஆகிவிடும். இரத்தத்திலோ மருந்தின் மொத்த வெளிப்பாடு 100இலிருந்து 137 ஆக, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உண்மையான உடல் இவ்வளவு நேர்த்தியாக நடந்துகொள்ளாது. ஆனால் கணக்கு காட்டும் போக்கு சரியானது. சலத்தில் மூன்றில் ஒன்றாகக் குறையும் மருந்து இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தேவையான இடத்தில் போதாது, தேவையற்ற இடத்தில் அதிகம். மருந்தளவைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. சலத்தில் சேரும் மருந்து கூடும். இரத்தத்தில் உள்ளதும் அதே விகிதத்தில் கூடும். அப்போது குமட்டலும், கைகால் விறைக்கும் நரம்புப் பாதிப்பும் வரும் வாய்ப்பு உயர்கிறது. அந்த நரம்புப் பாதிப்பு சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமே கூடுதலாக அறியப்பட்டது; சலரோகக்காரரில் அதைச் சலரோகத்தின் விளைவென்றே எண்ணிக் கடந்துவிடவும் கூடும்.

சிறுநீரகத் திறனுக்கும் சலத்தில் கிடைக்கும் மருந்துக்கும் உள்ள நேர்த்தொடர்பை 1968இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் சாக்ஸ் முதலியோர் வெளியிட்ட சிறிய ஆய்வு காட்டியது. நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே வடிகட்டும் சிறுநீரகம் உள்ளவருக்கு இது கொடுக்கக்கூடாது என்ற எல்லை நெடுங்காலம் மருந்துத் துண்டுகளிலும் பாடநூல்களிலும் நின்றது. சிறுநீரகத் திறன் 60க்கும் 30க்கும் இடையில் உள்ள முதியவர்கள் மிகப் பலர். அவர்கள் எல்லோரையும் விலக்கினால், அவர்களுக்குக் கிடைப்பவை கூடுதல் பக்கவிளைவோ கூடுதல் எதிர்ப்புத்திறனைத் தூண்டும் ஆற்றலோ உள்ள மருந்துகளாகவே இருக்கும். அதனால் எல்லை மறுபரிசீலனைக்கு வந்தது. ஐக்கிய இராச்சியத்தின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014இல் அதை 45ஆகத் தளர்த்தியது. 30க்கும் 44க்கும் இடையில், வேறு வழியில்லாத எதிர்ப்புத்திறன் கொண்ட பற்றீரியாவுக்கு மூன்று முதல் ஏழு நாள் வரை எச்சரிக்கையோடு கொடுக்கலாம் என்றும் சொன்னது. முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளைப் பட்டியலிடும் அமெரிக்க பியர்ஸ் பட்டியல் 2012இல் 60 என்று வைத்திருந்ததை 2015இல் 30ஆக இறக்கியது.

தளர்த்தலுக்கு ஆதரவான தரவுகளும் முழுமையான ஆறுதல் தருவன அல்ல. 2015இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒன்ராறியோ ஆய்வு முதிய பெண்களைப் பார்த்தது. சிறுநீரகத் திறன் நடுமதிப்பு 38ஆக இருந்தவர்களில், நைட்ரோபியூரண்டோயின் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு இரண்டாவது மருந்து தேவைப்பட்டது. சிப்ரோபுளொக்சசின் எடுத்தவர்களில் 6 அல்லது 7 பேருக்கு. ஆனால் திறன் நல்ல நிலையில் இருந்தவர்களிலும் இதே அளவான வேறுபாடு தென்பட்டது. ஆகவே அந்த இடைவெளிக்குச் சிறுநீரகமே காரணம் என்று சொல்ல முடியவில்லை. நெதர்லாந்தில் 21,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வும் மிதமான தளர்வில் பயன் குறைந்ததாகக் காணவில்லை. எனினும் 50க்குக் கீழே திறன் உள்ளவர்களிடம், நுரையீரல் பாதிப்பால் வைத்தியசாலையில் சேர்வது நான்கு மடங்கு என்ற தொடர்பு அதில் வெளிப்பட்டது. பயன் தருமா என்ற கேள்வியைப் போலவே கேடு செய்யுமா என்ற கேள்வியையும் சிறுநீரகத் திறனோடு இணைத்தே கேட்கவேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதை ஒரு கற்பனை நோயாளியின் வழியே பார்க்கலாம். வடமராட்சியைச் சேர்ந்த 68 வயதுப் பெண் ஒருவர், எடை 45 கிலோகிராம், உயரம் 150 சென்ரிமீற்றர். பத்துப் பன்னிரண்டு ஆண்டாகச் சலரோகத்துக்குப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் கிளினிக் போகிறவர். இரு நாள் எரிவும் முட்டுதலும். காய்ச்சல் இல்லை, முதுகுப்புற விலாநோவும் இல்லை. கிளினிக் கொப்பியில் கடைசியாகக் குறித்த கிரியற்றினின் 115 மைக்ரோமோல், அதாவது 1.3 மில்லிகிராம். பார்க்கும்போது பெரிதாகக் கூடியதாகத் தெரியாத எண். ஆய்வுகூடத்தின் துண்டில் வரும் மதிப்பீடு (2021 சமன்பாட்டின்படி) 45. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் இவர் எல்லையிலேயே நிற்கிறார். கொடுக்கலாம் என்றே தோன்றும்.

ஆனால் அந்த 45, சராசரி உடற்பரப்பான 1.73 சதுரமீற்றர் உள்ள உடலுக்கு ஒப்பிட்ட மதிப்பு. இவருடைய உடற்பரப்பு 1.37 சதுரமீற்றர் மட்டுமே. உடலுக்கேற்பத் திருத்தினால் 35 அல்லது 36 ஆகிறது. மருந்தளவைத் தீர்மானிக்க நெடுங்காலம் பயன்பட்டுவரும் 1976ஆம் ஆண்டின் காக்ரொப்ட்-கோல்ட் சமன்பாட்டில் போட்டால், 140இலிருந்து வயதைக் கழித்து 72, அதை எடை 45ஆல் பெருக்கி 3,240, கிரியற்றினின் 1.3ஐ 72ஆல் பெருக்கிய 93.6ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, 29 வருகிறது. ஒரே இரத்தத் துளி, ஒரே நாள். மூன்று எண்கள்: 45, 35, 29. பிரித்தானிய எல்லைகளின்படி முதலாவது அனுமதிக்கிறது, இரண்டாவது எச்சரிக்கிறது, மூன்றாவது தடுக்கிறது. இதில் பிழையான எண் என்று ஒன்றைச் சுட்ட முடியாது, மூன்றும் மதிப்பீடுகளே. மெலிந்த, தசை குறைந்த முதியவருக்கு நல்ல எண் கிடைப்பது எளிது, ஏனென்றால் கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவரின் இரத்தத்தில் அது இயல்பாகவே குறைவு. ஆகவே சிறிய உடல்வாகு உள்ள பெண்களில், பயமுறுத்தும் எண்ணைவிட ஆறுதல் தரும் எண்ணையே கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

இவருக்கு நடைமுறையில் நைட்ரோபியூரண்டோயினை விடுவதே பாதுகாப்பானது. முதலில் சலத்தின் கல்ச்சர் எடுத்து, எந்தப் பற்றீரியா, எது பணியும் என்று பார்த்து வேறு மருந்தைத் தேர்வது நல்லது. காத்திருக்க முடியாத நிலையில், ஒரே தடவையில் 3 கிராம் எடுக்கும் பொஸ்போமைசின் ஒரு தெரிவு. ஆனால் 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், திறன் போதிய பெண்களிடம் 28ஆம் நாளில் குணமடைந்தோர் நைட்ரோபியூரண்டோயினுக்கு நூற்றுக்கு 70, பொஸ்போமைசினுக்கு 58. நைட்ரோபியூரண்டோயின் மோசமான மருந்து என்பதால் அல்ல, இந்த நோயாளிக்கு அதன் பலத்தைத் தரும் சிறுநீரகம் இல்லை என்பதாலேயே அது விலக்கப்படுகிறது. ட்ரைமெத்தோபிரிமைத் தேர்ந்தால் அதுவும் கிரியற்றினினையும் பொற்றாசியத்தையும் உயர்த்தும் என்பதைக் கருதவேண்டும்.

கொடுத்துவிட்டபின் மருந்து தோற்கிறது என்பதை எப்படி அறிவது? எரிவு இரண்டு மூன்று நாளிலும் குறையாவிட்டால் முதலாவது அறிகுறி. கூதல், காய்ச்சல், முதுகுப்புற விலாநோ, வாந்தி வந்தால் தொற்று சலப்பையை விட்டு சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. திசுவுக்குள் இந்த மருந்து போதிய செறிவை எட்டாது. அப்போது குளிசையைத் தொடர்வது தொற்றைத் தானே வளரவிடுவதாகும். ஆண்களின் புரோஸ்ரேற் தொற்றுக்கும் இது உதவாததற்குக் காரணம் இதுவே.

இனி நுரையீரல். சலத்தில் தங்கவேண்டிய மருந்து நுரையீரலை ஏன் தாக்கவேண்டும் என்பது நியாயமான கேள்வி. பற்றீரியாவுக்குள் நடந்த அதே எலக்ட்ரான் பரிமாற்றம் மனித உயிரணுவிலும் ஓரளவு நடக்கிறது. ஆனால் ஒட்சிசன் நிறைந்த சூழலில், எலக்ட்ரான் பெற்ற மருந்து அதை ஒட்சிசனுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய உருவுக்குத் திரும்புகிறது. திரும்பவும் பெறுகிறது, திரும்பவும் கொடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தீவிர ஒட்சிசன் துணுக்கு ஒன்று பிறந்து, உயிரணுவின் காப்பான குளுற்றாதயோனைக் கரைத்துவிடுகிறது. உடலில் ஒட்சிசன் அழுத்தம் மிக உயர்ந்த உறுப்பு நுரையீரல். இலங்கையில் 2011 அளவில் முற்றாக விலக்கப்பட்ட களைநாசினியான பரக்குவாட், நுரையீரலை நாரிழையாக்கிக் கொல்வதும் இதே சுழற்சியால்தான். அதன் அளவும் வேகமும் மிகப் பெரியவை. வடபகுதி வைத்தியசாலைகளின் பழைய வைத்தியர்கள் அந்த நஞ்சின் முகத்தை நன்கு அறிவார்கள். நைட்ரோபியூரண்டோயினின் நாட்பட்ட பாதிப்பை விளக்க இந்த வேதியியல் பொருந்துகிறது. குறுகிய காலத்தில் வரும் பாதிப்பு பெரும்பாலும் ஒவ்வாமை வகை. இவை இரண்டும் இருவேறு நோய்கள் போலவே நடந்துகொள்கின்றன.

முதல் வகை சட்டென வரும். குளிசை தொடங்கி சில நாளில், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், காய்ச்சல், கூதல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், சிலருக்கு நெஞ்சுநோ. முன்பொரு முறை இதே மருந்தை எடுத்தவருக்கு, மறுமுறை சில மணித்தியாலத்திலேயே வரலாம். இரத்தத்தில் இயோசினோபில் கூடும். எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நிழல்கள், சிலவேளை சிறிதளவு நீர். இதை 1962இல் அமெரிக்க வைத்தியர்கள் இருவர் முதலில் விவரித்தார்கள். சுவீடனில் 1966 முதல் 1976 வரை வந்த, இந்த மருந்து பற்றிய 921 பாதகத் தகவல்களில் 43 விழுக்காடு இந்தத் திடீர் நுரையீரல் வகையே. அது தகவல்களின் பங்கு மட்டுமே, எடுத்தவர்களின் பங்கு அல்ல. எடுத்தவர்களில் எத்தனை பேர் என்று பார்த்த 1989ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க ஆய்வில், முதன்முறையாக எடுத்த சுமார் 16,000 பேரில் மூவர்தான் இதற்காக வைத்தியசாலையில் சேர்ந்தனர். ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவர். அரிய நிகழ்ச்சிதான், ஆனால் கோடிக்கணக்கான பேர் எடுக்கும் மருந்தில் அரியது அடிக்கடி எங்காவது நடந்துகொண்டிருக்கும்.

நல்ல செய்தி என்னவெனில், இந்த வகையில் குளிசையை நிறுத்தினால் ஓரிரு நாளில் காய்ச்சல் தணியும். எக்ஸ்ரே சில நாளிலோ வாரத்திலோ தெளியும். கெட்ட செய்தி, நிறுத்தாமல் விடப்பட்டால் நோயாளி நிமோனியா என்று கருதப்பட்டு ஊசியும் மருந்தும் ஏறும். குளிசையோ பழைய மருந்துத் துண்டின்படி தொடரும். யாழ்ப்பாணத்தில் குழப்பத்துக்கு இடம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்குக் காய்ச்சல் கூடும் காலத்தில், காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தவரை முதலில் அந்த வழியில்தான் பார்ப்பார்கள். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் பரவி உயிர்களைக் காவுகொண்ட எலிக்காய்ச்சல் முதலில் இனந்தெரியாக் காய்ச்சலாகவே பேசப்பட்டது. அந்த நோயிலும் நுரையீரல் தாக்கப்படலாம். அத்தகைய சூழலில் சலக்கடுப்புக்கு மூன்று நாளாக ஒரு குளிசை எடுத்தார் என்ற தகவல் யார் நினைவிலும் தங்காது. இயோசினோபில் கூடியிருந்தாலும் பூச்சித் தொற்றோ யானைக்கால் நோய்க் கிருமியோ காரணம் என்று சொல்லிவிடலாம். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, 'கடந்த இரண்டு வாரத்தில் என்ன குளிசை எடுத்தீர்கள்? பாமசியில் வாங்கியதையும் சொல்லுங்கள்' என்பது. மருந்தின் பேர் தெரியாவிட்டாலும், சலம் பழுப்பாய்ப் போனதா என்பது ஒரு துப்பு.

இரண்டாவது வகை ஓசையில்லாமல் வரும். ஆண்டுக்குப் பலமுறை சலத்தொற்று வருகிறவர்களுக்கு, தடுப்புக்காக இரவில் 50 அல்லது 100 மில்லிகிராம் குளிசை மாதக்கணக்காகக் கொடுக்கப்படுவதுண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ சென்றபின், சிலருக்கு நடக்கும்போது மூச்சு வாங்குவதும் வறட்டு இருமலும் தொடங்கி மெல்ல மெல்லக் கூடும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. முதுமை என்று நோயாளி நினைப்பார். முட்டு என்று மருந்து போட்டாலும் குறையாது. நெஞ்சின் அடியில் செவிமடுத்தால், மூச்சு உள்ளே போகும்போது ஒட்டிய நாடாவை உரிப்பது போன்ற நொறுநொறுப்பு இருபுறமும் கேட்கும். எக்ஸ்ரேயும் சிரி ஸ்கானும் நுரையீரல் இடைத்திசுவின் தடிப்பைக் காட்டும். நுரையீரலின் கொள்ளளவும், வாயுக்கள் இரத்தத்துக்குச் செல்லும் திறனும் குறைந்திருக்கும். பெரும்பாலும் முதிய பெண்களிடமே காணப்படுவது, தடுப்புக்கு நெடுநாள் எடுப்போரும் அவர்களே என்பதால்தான். சிலருக்கு ஈரல் நொதியங்களும் கூடவே ஏறும். உடல் தன்னைத்தானே தாக்கும்போது தோன்றும் எதிருடலங்கள் சிலரிடம் தென்படும். நிறுத்தினால் பலர் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தேறுகிறார்கள். நாரிழையாக மாறிய பகுதி திரும்புவதில்லை. ஸ்ரெரொயிட் பலருக்குக் கொடுக்கப்படுகிறது. அதன் பயனை உறுதிப்படுத்தும் ஒப்பீட்டு ஆய்வு இல்லை.

இதன் ஆபத்து மருந்திலும் பார்க்க, மருந்து மறக்கப்படுவதில் அதிகம் இருக்கிறது. சலத்தொற்றுக்காக ஒரு கிளினிக்கில் எழுதப்படும் குளிசை, மாதந்தோறும் அதே வரியாய் மீண்டும் கொடுக்கப்படும். மூச்சுத் திணறலுக்கு வேறொரு கிளினிக்கில் பார்க்கிறவர் இந்த வரியைப் பாராமலோ, பார்த்தாலும் 'சலத்துக்கான மருந்து' என்று விட்டுவிட்டோ போகலாம். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போய்வரும் முதிய தாய்க்கு மருந்து ஒரு நாட்டில் தொடங்கி இன்னொரு நாட்டில் தொடர்வதால் இது இன்னும் எளிது. பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஏப்ரலில் நுரையீரல், ஈரல் பாதிப்புகளை மறுபடியும் நினைவூட்டியது. நெடுநாள் எடுப்போரை, குறிப்பாக முதியோரை, மூச்சின் மாற்றத்துக்காகக் கண்காணிக்கச் சொன்னது. நெடுநாள் தேவைப்படும் நோயாளியில் தொடக்கத்திலேயே ஓர் எக்ஸ்ரேயும், ஈரல், சிறுநீரகச் சோதனைகளும் எடுத்துவைத்தால், பிறகு ஒப்பிட முடியும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை, 'படியேறும்போது முன்பைவிட இளைப்பா, இருமலா?' என்று கேட்பதும், இன்னும் இது வேண்டுமா என்று முடிவெடுப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள்.

நுரையீரல் பாதிப்பு ஒருமுறை வந்தவருக்கு, உறுதிசெய்யவென்று மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்க்கக்கூடாது. இரண்டாம் தடவை கூடுதல் விரைவாகவும் கடுமையாகவும் வரும். அவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், நைட்ரோபியூரண்டோயின் ஒவ்வாது என்பதையும், என்ன நடந்தது என்பதையும், எந்தத் திகதி என்பதையும் சிவப்பு மையால் எழுதவேண்டும். வேறு பேரில் விற்கப்படும் இதே மருந்து வருமாயினும் தப்பக்கூடாது என்பதால், வர்த்தகப் பேரோடு பொதுப்பேரையும் குறிக்கவேண்டும்.